ரேபரேலி வழக்கு: திருத்தம் விழுந்தது, தேர்தல் நின்றது

சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் ஜூனியர் ஒரு கேள்வி கேட்டார். குடியாத்தம் பக்கத்துப் பெண், என்ரோல் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "சார், 39வது திருத்தத்தை சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிச்சுன்னு படிச்சேன். அதே தீர்ப்புல இந்திரா காந்தி ஜெயிச்சாங்கன்னும் போட்டிருக்கு. ரெண்டும் எப்படி சார் ஒண்ணா வரும்?"

அன்றைக்கு அரை மணி நேரம் பேசினோம், அப்புறம் வாய்தாவுக்கு நேரமாகிவிட்டது. அந்தப் பேச்சைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன். அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு என்றால் எல்லோரும் கேசவானந்த பாரதியைச் சொல்வார்கள். 1973 ஏப்ரல் 24, 13 நீதிபதிகள், 7க்கு 6. நாடாளுமன்றம் அரசமைப்பின் எந்தப் பகுதியையும் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது என்று அங்கே சொன்னார்கள். சரி, சொன்னார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நிஜமான ஒரு திருத்தத்தை எப்படி அளப்பது, எதை வெட்டுவது, எதை விட்டுவிடுவது? அது தெரிய வேண்டும் என்றால் இரண்டரை வருஷம் கழித்து வந்த இந்திரா நேரு காந்தி எதிர் ராஜ் நாராயண் வழக்குக்குத்தான் போக வேண்டும். ஒரு தேர்தல் தகராறில் அந்தக் கோட்பாட்டைக் கையில் எடுத்துப் பயன்படுத்திய முதல் தீர்ப்பு அதுதான். அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் யார் என்று பார்த்தால் இன்னும் ஆச்சரியம். அதைப் பிறகு சொல்கிறேன்.

தேதிகளில் இருக்கிறது வழக்கு

1971 மக்களவைத் தேர்தலில் ரேபரேலியில் இந்திரா காந்தி 1,83,309 வாக்குகள் வாங்கினார், ராஜ் நாராயண் 71,499. வித்தியாசம் 1,11,810. தோற்றவர் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட்டார். இவ்வளவு வாக்கு வித்தியாசத்தில் என்ன மனு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஊழல் செயல் என்று பட்டியல் போட்டவற்றில் ஒன்று நிரூபணம் ஆனாலே தேர்தல் செல்லாது, வித்தியாசம் எவ்வளவு என்பது அங்கே எடுபடாது. வேலூர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். 2019ல் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 16 அன்று, பணம் பிடிபட்ட விவகாரத்தில் நம் தொகுதித் தேர்தலே ரத்தானது. யார் ஜெயிப்பார், எவ்வளவு வித்தியாசம் என்று யாரும் பார்க்கவில்லை. ஆகஸ்ட் 5 அன்று மறுபடி வாக்குப்பதிவு நடந்து, 8,141 வாக்கு வித்தியாசத்தில் முடிவு வந்தது. அந்த ரத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள், தள்ளுபடி ஆனது. தள்ளுபடி ஆனாலும், கேட்க ஒரு கதவு இருந்தது. இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வையுங்கள், வழக்கின் மையம் அங்கேதான் இருக்கிறது.

அலகாபாத்தில் நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா 1975 ஜூன் 12 அன்று தேர்தல் செல்லாது என்றார். ஆறு வருஷம் போட்டியிடவும் தடை. காரணங்கள் இரண்டு. ஒன்று, மேடை போடுவதற்கும் ஒலிபெருக்கிக்கு மின்சாரம் கொடுப்பதற்கும் உத்தரப் பிரதேச அரசு அதிகாரிகளின் உதவியைப் பெற்றது. இன்னொன்று யஷ்பால் கபூர் விஷயம். அவர் பிரதமர் செயலகத்தில் கெசட்டட் அதிகாரி. அரசு அதிகாரியின் உதவியைத் தேர்தலுக்காக ஒரு வேட்பாளர் பெற்றால் அது ஊழல் செயல். ஆகவே கேள்வி மிக எளிமையானது: இந்திரா காந்தி எந்தத் தேதியிலிருந்து வேட்பாளர்? கபூர் எந்தத் தேதி வரை அதிகாரி?

அப்போதிருந்த சட்டப்படி, வேட்பு மனு தாக்கல் செய்தவர் மட்டும்தான் வேட்பாளர் என்று இல்லை. தேர்தல் வருகிறது என்று தெரிந்து, நான் நிற்கப் போகிறேன் என்று காட்டிக்கொண்டவரும் அந்த நாளிலிருந்தே வேட்பாளர். 1970 டிசம்பர் 29 அன்று ஒரு செய்தியாளர் சந்திப்பில், ரேபரேலியை விட்டு வேறு தொகுதிக்குப் போகிறீர்களா என்று கேட்டபோது, இல்லை என்று இந்திரா காந்தி பதில் சொன்னார். அந்த ஒரு பதிலை வைத்து, அன்றைக்கே அவர் வேட்பாளர் ஆகிவிட்டார் என்றார் சின்ஹா. கபூர் ஜனவரி 13ல் ராஜினாமா கொடுத்தார், 14லிருந்து ஏற்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது, ஆனால் அந்த அறிவிப்பு வெளியானதே ஜனவரி 25ல்தான். வாய்மொழியாக ஏற்றுக்கொண்டோம் என்பதை நீதிபதி ஏற்கவில்லை, ஆகவே 25 வரை அவர் அதிகாரிதான். டிசம்பர் 29க்கும் ஜனவரி 25க்கும் இடையில் கபூர் செய்த தேர்தல் வேலை முழுவதும் சிக்கலுக்குள் வந்துவிட்டது. வேட்பு மனு தாக்கல் பிப்ரவரி 1ல்தான். இந்த நான்கு தேதிகளையும், டிசம்பர் 29, ஜனவரி 14, ஜனவரி 25, பிப்ரவரி 1, ஒரு பேப்பரில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள், முழு வழக்கும் அதற்குள் இருக்கிறது.

மேல்முறையீட்டில் விடுமுறைக்கால நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் ஜூன் 24 அன்று நிபந்தனையோடு தடையாணை கொடுத்தார். அவையில் உட்காரலாம், பேசலாம், வாக்களிக்கக் கூடாது, உறுப்பினருக்கான ஊதியம் கிடையாது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை. அதற்குமேல் அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, தெரிந்த கதை.

ஆகஸ்ட் மாதத்தின் ஐந்து நாட்கள்

மேல்முறையீடு ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை விசாரணைக்கு வர வேண்டும். அதற்குள் இரண்டு வேலைகள் நடந்தன. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காததால்தான் என் ஜூனியருக்கு வந்த குழப்பம் எல்லோருக்கும் வருகிறது.

முதல் வேலை, சாதாரணச் சட்டம். தேர்தல் சட்டங்கள் திருத்தச் சட்டம், 1975 என்று பெயர். வேட்பு மனு தாக்கல் செய்தவர்தான் வேட்பாளர், நிற்கப்போவதாகக் காட்டிக்கொண்டவர் இல்லை என்று வரையறையை மாற்றியது. ஓர் அதிகாரியின் ராஜினாமா எந்தத் தேதியிலிருந்து அமல் என்று அரசிதழில் போட்டிருக்கிறதோ அதுவே முடிவான சான்று என்றது. அரசு ஊழியர் தன் அலுவல் கடமையாகச் செய்யும் ஏற்பாடுகள் தேர்தல் உதவி ஆகாது என்றது. எல்லாம் முன்தேதியிட்டு. அந்த நான்கு தேதிகளை இப்போது பாருங்கள்: கபூர் ஜனவரி 14 வரை மட்டுமே அதிகாரி, இந்திரா காந்தி பிப்ரவரி 1லிருந்து மட்டுமே வேட்பாளர். இரண்டும் ஒன்றை ஒன்று தொடவே இல்லை. மேடையும் மின்சாரமும் அலுவல் கடமைக்குள் போய்விட்டன. அலகாபாத் தீர்ப்பு நின்ற தரையே இல்லாமல் போயிற்று.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஆகஸ்ட் 7 வியாழக்கிழமை 39வது அரசமைப்புத் திருத்தம் மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது, 8ல் மாநிலங்களவை, 9 சனிக்கிழமை பல மாநிலச் சட்டமன்றங்கள் கூடி ஒப்புதல் கொடுத்தன, 10 ஞாயிற்றுக்கிழமை குடியரசுத் தலைவர் கையெழுத்து. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் அப்போது சிறையில் இருந்தார்கள்.

அந்தத் திருத்தம் 329அ என்று ஒரு புதிய உறுப்பை நுழைத்தது. அதன் நான்காவது கூறை என் வார்த்தையில் சொல்கிறேன். பிரதமராகவோ மக்களவைத் தலைவராகவோ இருப்பவரின் தேர்தலுக்கு, தேர்தல் மனுக்கள் பற்றி இதுவரை இருந்த எந்தச் சட்டமும் பொருந்தாது, என்றைக்குமே பொருந்தியதாகவும் கருதக் கூடாது. அந்தச் சட்டங்களின் கீழ் எந்தக் காரணத்துக்காகவும் அந்தத் தேர்தல் செல்லாததாகக் கருதப்படக் கூடாது. எந்த நீதிமன்றம் என்ன உத்தரவு போட்டிருந்தாலும் தேர்தல் எல்லா வகையிலும் செல்லும், அந்த உத்தரவும் அதன் அடிப்படையான முடிவுகளும் எப்போதுமே வெற்றுக் காகிதம். ஐந்தாவது கூறு, நிலுவையில் இருக்கும் மேல்முறையீட்டை நான்காவது கூறுப்படி முடித்துவிடு என்றது. கூடவே அந்தச் சாதாரணச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையிலும் சேர்த்துவிட்டார்கள், அடிப்படை உரிமையைக் காட்டி யாரும் அதைத் தொடக் கூடாது என்று.

நான்காவது கூறை மெதுவாக, ஒரு சொல் விடாமல் படித்தால், நாம் வழக்கமாகத் திருத்தம் என்று சொல்வதிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது தெரியும். சட்டத்தை மாற்றி, மாறிய சட்டப்படி இந்தத் தேர்தல் செல்லும் என்று அது சொல்லவில்லை. முதலில் சட்டம் முழுவதையும் அந்த ஒரு தேர்தலிலிருந்து உருவி எடுத்துவிட்டது. அப்புறம், தேர்தல் செல்லும் என்றது. எந்தச் சட்டப்படி செல்லும்? பதில் இல்லை, ஏனென்றால் அளவுகோலையே எடுத்தாயிற்று.

நீதிபதிகள் எங்கே பிடித்தார்கள்

ஐந்து பேர் அமர்வு. தலைமை நீதிபதி ஏ.என்.ராய், எச்.ஆர்.கன்னா, கே.கே.மாத்யூ, எம்.எச்.பெக், ஒய்.வி.சந்திரசூட். இவர்களில் கன்னாவைத் தவிர மற்ற நான்கு பேரும் கேசவானந்த பாரதியில் சிறுபான்மைப் பக்கம் நின்றவர்கள். திருத்தும் அதிகாரத்துக்கு இப்படி ஒரு வரம்பு கிடையாது என்று 1973ல் எழுதியவர்கள். இப்போது அந்த வரம்பை வைத்து ஒரு திருத்தத்தை அளக்கும் வேலை அவர்கள் கைக்கே வந்தது. 1975 நவம்பர் 7 அன்று தீர்ப்பு வந்தபோது ராய், கன்னா, மாத்யூ, சந்திரசூட் நான்கு பேரும் நான்காவது கூறு செல்லாது என்றார்கள். பெக் மட்டும் அதைக் குறுக்கிப் படித்து, நீதிமன்றம் வழக்கின் தகுதியைப் பார்ப்பதை அது தடுக்கவில்லை என்றார். தான் ஒப்புக்கொள்ளாத ஒரு கோட்பாட்டை, அது தீர்ப்பாகிவிட்டது என்பதற்காகவே, நாட்டின் பிரதமர் சம்பந்தப்பட்ட வழக்கில், நெருக்கடி நிலைக்கு நடுவில், நேர்மையாகப் பொருத்திப் பார்த்தார்கள். ராய், மாத்யூ, சந்திரசூட் மூவர் மீதும் எனக்கு வேறு விஷயங்களில் வருத்தம் உண்டு, ஆனால் இதற்காக மரியாதை குறையாது.

ஆனால் நான்கு பேரும் ஒரே காரணம் சொல்லவில்லை, இதைத்தான் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் தவறவிடுகிறார்கள். கன்னா சொன்னது நேரானது: ஜனநாயகம் அடிப்படைக் கட்டமைப்பு, சுதந்திரமான நியாயமான தேர்தல் இல்லாமல் ஜனநாயகம் இல்லை, தேர்தலில் தகராறு வந்தால் அதைக் கேட்டு முடிவு செய்ய ஓர் இடம் இல்லாமல் நியாயமான தேர்தல் இல்லை. சந்திரசூட் சமத்துவத்தைப் பிடித்தார். சில உயர் பதவியில் இருப்பவரின் தேர்தலை மட்டும் எல்லாச் சட்டத்துக்கும் வெளியே வைப்பது சமத்துவத்தின் நேரடி மறுப்பு, சட்டத்தின் ஆட்சி என்பதற்கு எதிர் என்றார். அதோடு, ஒரு குறிப்பிட்ட தகராறைத் தீர்த்து வைப்பது நீதிமன்றத்தின் வேலை, அதை நாடாளுமன்றம் எடுத்துக்கொண்டது என்றும் சேர்த்தார்.

என்னை அதிகம் கவர்ந்தது மாத்யூ எழுதியது. அவர் அடிப்படைக் கட்டமைப்பு என்ற சொல்லையே சந்தேகத்தோடு பார்த்தவர். அரசமைப்பின் குறிப்பிட்ட விதிகளில் காலூன்றாமல் வானத்தில் மிதக்கிற ஏதோ ஒன்றாக அதை வைத்துக்கொள்ள முடியாது என்று எழுதினார். ஆகவே பெரிய பெரிய சொற்களை விட்டுவிட்டு, திருத்தம் செய்த அமைப்பு உண்மையில் என்ன காரியம் செய்தது என்று பார்த்தார். அது சட்டம் இயற்றியதா? இல்லை. ஒரு தகராறை முடித்து வைத்தது. சாட்சியை எடைபோட்டதா, ஏதாவது விதியை வைத்து அளந்ததா? அதுவும் இல்லை. அப்படியானால் அது தீர்ப்பும் இல்லை, சட்டமும் இல்லை, வெறும் ஆணை. தேர்தல் தகராறுகளை அவையே தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இங்கிலாந்தில் 1868 வரை இருந்ததே என்று பிரதமர் தரப்பில் வாதம் வந்தது. இருக்கட்டும், அவை தீர்த்தாலும் ஏதோ ஒரு சட்டத்தை வைத்து, இரு தரப்பையும் கேட்டுத்தான் தீர்க்க வேண்டும், அதிகாரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விதி இல்லாமல் ஒரு வழக்கை முடிப்பது அதற்குள் வராது. ராயும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் வந்தார்: எந்த நெறியையும் பொருத்தாமல் ஒரு தேர்தலைச் செல்லும் என்று அறிவித்ததுதான் பிழை.

இதை என் ஜூனியருக்கு வீட்டு வரியை வைத்துச் சொன்னேன். ஆற்காட்டிலோ வாலாஜாவிலோ ஒரு நகராட்சி என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தில் வரியை வாடகை மதிப்பின் மேல் போடு என்று இருக்கிறது, நகராட்சி நிலத்தின் விலை மேல் போட்டுவிட்டது. கோர்ட் செல்லாது என்கிறது. இப்போது சட்டமன்றம் இரண்டு காரியம் செய்யலாம். நிலத்தின் விலை மேலும் போடலாம் என்று சட்டத்தையே முன்தேதியிட்டு மாற்றலாம். அப்படி மாற்றினால், மாறிய சட்டத்தை வைத்துப் பார்த்தால் அதே கோர்ட்டே அந்தத் தீர்ப்பைச் சொல்லியிருக்காது, ஆகவே அது செல்லும். அல்லது சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, அந்தத் தீர்ப்பு யாரையும் கட்டுப்படுத்தாது, வசூல் செய்தது சரி என்று மட்டும் எழுதலாம். அது செல்லாது. குஜராத்தின் பரோச் நகராட்சி வரி பற்றிய பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்கில் 1969லேயே சுப்ரீம் கோர்ட் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தீர்ப்பின் அடித்தளத்தை அகற்றலாம், தீர்ப்பின் மேல் நேராகக் கோடு போட முடியாது.

"அப்போ சார், ஆகஸ்ட் மாசம் ரெண்டையுமே பண்ணியிருக்காங்க" என்றார் அவர். ஆமாம், அதேதான். சாதாரணச் சட்டம் அடித்தளத்தை அகற்றியது. நான்காவது கூறு தீர்ப்பின் மேல் கோடு போட்டது. சாதாரணச் சட்டமன்றத்துக்கு இருந்த அந்தத் தடை, அரசமைப்பையே திருத்தும் அதிகாரத்துக்கும் உண்டு என்பதுதான் 1975ல் புதிதாக நிலைநாட்டப்பட்டது.

அப்படியானால் எப்படி ஜெயித்தார்?

நான்காவது கூறு போய்விட்டது, மேல்முறையீடு மறுபடி உயிர் பெற்றது. இப்போது மாறிய சட்டத்தை வைத்து அளக்க வேண்டும். அந்தச் சட்டமும் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கிறது, ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றுவது நியாயமான தேர்தலா என்று ராஜ் நாராயணின் வழக்கறிஞர் சாந்தி பூஷண் வாதாடினார். மனசுக்கு அந்த வாதம் சரியாகத்தான் படுகிறது, எனக்கும்தான். கோர்ட் ஏற்கவில்லை. அந்தத் திருத்தங்கள் ஒருவருக்காக எழுதப்படவில்லை, எல்லா வேட்பாளருக்கும் பொருந்தும் பொது விதிகள், முன்தேதியிட்டுச் சட்டம் செய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. அதற்கும் மேலே ராய், மாத்யூ, சந்திரசூட் மூவரும் ஒன்று சொன்னார்கள்: அடிப்படைக் கட்டமைப்பு என்ற சோதனை அரசமைப்புத் திருத்தங்களுக்கு மட்டுமே, சாதாரணச் சட்டத்தை அதனால் அளக்க முடியாது. சாதாரணச் சட்டத்துக்கு அதிகார வரம்பும் அடிப்படை உரிமைகளும்தான் அளவுகோல். அடிப்படை உரிமை வழியையோ ஒன்பதாவது அட்டவணை அடைத்துவிட்டது.

ஆகவே நான்கு தேதிகளையும் புது விதியில் பொருத்தினார்கள், ஊழல் செயல் இல்லை என்று வந்தது, அலகாபாத் தீர்ப்பு ரத்து, தேர்தல் செல்லும்.

இதில் ஒரு பெரிய விஷயம் கண்ணில் படாமல் போகிறது. சாதாரணச் சட்டத்துக்கு அதிகக் கட்டுப்பாடு, அரசமைப்புத் திருத்தத்துக்குக் குறைந்த கட்டுப்பாடு என்றுதான் நாம் நினைப்போம். இந்த வழக்கில் தலைகீழாக வந்தது. கனமான ஆயுதம் உடைந்தது, சாதாரண ஆயுதம் வேலையை முடித்தது. கோட்பாட்டின் எல்லை அங்கே தெரிகிறது: அரசமைப்பு நியாயமான முடிவைத் தர வேண்டும் என்று அது கேட்பதில்லை, முடிவை எப்படி எடுக்க வேண்டும் என்ற வழியை மட்டும்தான் அது காக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல், பிடிக்காத எந்தச் சட்டத்தைப் பார்த்தாலும் அடிப்படைக் கட்டமைப்பு என்று மனுவில் எழுதுகிறார்கள். 2024லும் இதே தவறு நடந்தது. உத்தரப் பிரதேச மதரசா கல்விச் சட்டம் மதச்சார்பின்மைக்கு எதிரானது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, அடிப்படைக் கட்டமைப்பை மட்டும் காரணம் காட்டி ஒரு சாதாரணச் சட்டத்தை ரத்து செய்ய முடியாது, அரசமைப்பின் எந்த விதியை அது மீறுகிறது என்று காட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. உயர் கல்விப் பட்டங்கள் சம்பந்தப்பட்ட பகுதியைத் தவிர சட்டம் பிழைத்தது. அந்த நிலைப்பாட்டின் வேர் 1975ல் இருக்கிறது.

அப்போதிருந்த ஒரு பாதுகாப்பு மட்டும் இன்று அதே அளவில் இல்லை. ஒன்பதாவது அட்டவணையில் போட்டுவிட்டால் போதும் என்பது அன்றைய நிலை. நம் மாநிலத்தில், நீலகிரி கூடலூர் ஜன்ம நிலங்கள் பற்றிய சட்டத்திலிருந்து கிளம்பிய கோயல்ஹோ வழக்கில், 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக ஒன்று சொன்னார்கள்: 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்ந்த சட்டம் அடிப்படை உரிமையின் சாரத்தைப் பறித்து அதன் மூலம் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கிறதா என்று பார்க்கலாம். 1975 ஆகஸ்ட் சட்டம் இன்று வந்திருந்தால் அந்தக் கதவு திறந்திருக்கும். அப்போதும் பொது விதி என்ற வாதம் அதைக் காப்பாற்றியிருக்கலாம், ஆனால் குறைந்தபட்சம் அந்த வாதத்தை முழுசாகக் கேட்டிருக்க வேண்டியிருக்கும்.

ஒரு திருத்தம் கையில் வந்தால் இந்த வழக்கைப் படித்தவர் என்ன பார்க்க வேண்டும்? அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று பார்ப்பது பலன் தராது. சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்தே 1978ல் எடுத்துவிட்டார்கள், அது மிகப் பெரிய மாற்றம், ஆனாலும் நிற்கிறது. 329அ நான்காவது கூறு தொட்டது நடைமுறையில் ஒரே ஒரு தொகுதியை, அது விழுந்தது. ஆகவே திருத்தத்துக்குப் பிறகு அந்த விஷயத்தில் ஏதாவது அளவுகோல் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அளவுகோலை வைத்துக் கேள்வி கேட்க ஓர் இடம், கோர்ட்டோ வேறு சுதந்திரமான அமைப்போ, மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். 329அவின் முதல் மூன்று கூறுகள் எதிர்காலத் தகராறுகளை நாடாளுமன்றம் அமைக்கும் வேறோர் அமைப்பிடம் அனுப்பின, அவை இந்த வழக்கில் விழவில்லை, ஏனென்றால் அங்கே ஏதோ ஓர் இடம் இருந்தது. நான்காவதில் இடமும் இல்லை, அளவுகோலும் இல்லை.

தீர்ப்பு வந்த மூன்றாம் நாள், நவம்பர் 10 அன்று, கேசவானந்த பாரதியையே மறுபரிசீலனை செய்ய ராய் 13 நீதிபதிகளை உட்கார வைத்தார். வழக்கறிஞர் பால்கிவாலா எதிர்த்து வாதாடினார். இரண்டு நாள் நடந்தது, 12ஆம் தேதி அமர்வு கலைக்கப்பட்டது. மறுபரிசீலனை கேட்டு முறையான மனு ஒன்றுகூட இல்லை என்பது அங்கே பெரிய பேச்சானது. அடுத்த வருஷம் 42வது திருத்தம், எந்தத் திருத்தத்தையும் எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்க முடியாது என்று, திருத்தும் அதிகாரத்தைப் பற்றிய 368வது உறுப்பிலேயே எழுதிப் பார்த்தது. 1980ல் மினர்வா மில்ஸ் வழக்கில் அதுவும் விழுந்தது, தீர்ப்பை எழுதியவர் அப்போது தலைமை நீதிபதியாகிவிட்ட அதே சந்திரசூட். அதற்கு முன்பே ஆட்சி மாறி, 1978ல் 44வது திருத்தம் 329அவை முழுசாக நீக்கிவிட்டது.

டீக்கடையிலிருந்து திரும்பும்போது ஜூனியரின் பையில் இருந்த அரசமைப்புப் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். 329 முடிகிறது. 330 தொடங்குவதற்கு முன்னால், 329அ என்ற எண்ணுக்கு எதிரே, 44வது திருத்தத்தால் நீக்கப்பட்டது என்ற ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது. "இதைப் பார்த்திருக்கேன் சார், என்னன்னு தெரியாம தாண்டிப் போயிட்டேன்" என்றார். பேனாவை எடுத்து ஓரத்தில் நான்கு தேதிகளை எழுதிக்கொண்டார்.